ஒளிப்படத்தை மங்கா பக்கமாக மாற்றுதல்

ஒளிப்படத்தை மங்கா பக்கமாக மாற்றுதல் என்பது, நிறமும் பல நூறு சாம்பல் நிலைகளும் கொண்ட ஓர் ஒளிப்படத்தை, ஜப்பானியப் படக்கதைகளில் காணப்படுவதைப் போல வெள்ளைத் தாள், கறுப்பு மை, புள்ளித்திரை ஆகிய மூன்றை மட்டுமே கொண்ட அச்சுப் பக்கமாக வரைந்தெடுக்கும் முறையாகும். முடிவில் கிடைக்கும் கோப்பில் சாம்பல் நிறம் சிறிதும் இருக்காது. ஒவ்வொரு படவணுவும் (பிக்சல்) கறுப்பாகவோ வெள்ளையாகவோ மட்டும் இருக்கும். இக்கட்டுரை கிம்ப் என்னும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு ஒரு பக்கத்தை உருவாக்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குகிறது.

## புள்ளித்திரை ஏன் தேவைப்பட்டது

அச்சு இயந்திரத்திற்கு ஒரு மை மட்டுமே தரப்பட்டால், அது தாளில் மை இடும் அல்லது இடாமல் விடும். பாதி மை இடுவது என்று ஒன்று கிடையாது. எனவே இடைப்பட்ட சாயலைக் காட்ட, சிறு கறுப்புப் புள்ளிகளை ஒழுங்காக அடுக்கி, தூரத்திலிருந்து பார்க்கும் கண் அவற்றைச் சாம்பலாகக் கலந்துகொள்ளும்படி செய்கிறார்கள். ஜப்பானில் மங்கா இதழ்களின் பெரும்பாலான பக்கங்கள் மலிவான தாளில் ஒரே மையில் அச்சாவதால், ஓவியர்களுக்கு இந்த முறை இன்றியமையாததாயிற்று.

இதற்காக ஸ்கிரீன்டோன் என்ற ஒட்டுத்தாள்கள் விற்கப்பட்டன. அது ஒருபுறம் பசையும் மறுபுறம் புள்ளி வடிவமும் கொண்ட ஒளிபுகும் மெல்லிய படலம். ஓவியர் அதை வரைபடத்தின் மேல் வைத்து, தேவையான வடிவத்திற்குக் கத்தியால் வெட்டி, மிச்சத்தை உரித்துவிட்டு, மீதியை அழுத்தித் தேய்த்து ஒட்டுவார். வெளிச்சம் தெரிய வேண்டிய இடத்தில் கத்தி முனையால் புள்ளிகளைச் சுரண்டி எடுப்பார். ஒவ்வொரு தாளும் இரண்டு எண்களால் அடையாளப்படுத்தப்படும். ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி வரிசைகள் உள்ளன என்பது முதல் எண். பரப்பில் எத்தனை விழுக்காடு கறுப்பு என்பது இரண்டாவது. 60 வரிசை, 20 விழுக்காடு என்பது பரவலாகப் பயன்பட்ட வகைகளுள் ஒன்று.

முழுதும் கறுப்பாக நிரப்பப்படும் இடங்களுக்கு ஜப்பானிய ஓவியர்கள் 'பெத்தா' என்று பெயரிட்டுள்ளனர். பென்சில் வரைவில் அத்தகைய இடங்களில் ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பது வழக்கம். அதைப் பார்த்து உதவியாளர் மை நிரப்புவார். இந்தப் பழைய வேலைமுறையின் வரிசையே கணினியிலும் பொருந்தும்: முதலில் கோடு, பிறகு முழுக்கருமை, கடைசியில் டோன்.

## வடிகட்டி மட்டும் போதாதது ஏன்

ஒளிப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, ஏதேனும் ஒரு புள்ளித்திரை வடிகட்டியைச் சொடுக்கினால் ஒரு நொடியில் புள்ளிகள் வந்துவிடும். ஆனால் கிடைப்பது பழைய செய்தித்தாள் படம் போலிருக்கும், மங்கா போலிருக்காது. காரணம், வடிகட்டி ஒவ்வோர் இடத்தின் ஒளி அளவுக்கு ஏற்பப் புள்ளியைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் செல்கிறது. கன்னத்தின் மெல்லிய நிழல், சட்டையின் சுருக்கம், சுவரின் அழுக்கு எல்லாமே புள்ளிகளாகிவிடுகின்றன. மங்காவில் ஒரு பகுதிக்கு ஒரே அளவுப் புள்ளிதான். முகம் பெரும்பாலும் வெற்றுத் தாளாகவே விடப்படும். பொருள்களின் எல்லையைக் கோடு சொல்கிறது, நிழல் சொல்வதில்லை.

ஆகவே இந்த வேலையின் நடுப்பகுதி மென்பொருளில் இல்லை, முடிவெடுப்பதில் இருக்கிறது. படத்தின் ஒவ்வொரு பகுதியையும் வெள்ளை, கறுப்பு, டோன் என்ற மூன்று பெட்டிகளுள் ஒன்றில் போட வேண்டும்.

## எடுத்துக்காட்டு: நடைமேடையில் மாணவி

மேகமூட்டமான மாலையில் எடுத்த ஓர் ஒளிப்படத்தைக் கொள்வோம். தொடர்வண்டி நடைமேடையில் ஒரு மாணவி நிற்கிறாள். கறுப்புக் கூந்தல், வெள்ளைச் சட்டை, கருநீலப் பாவாடை. தோளில் சிவப்புப் பை தொங்குகிறது. அவளுக்குப் பின்னால் கரும்பச்சை வண்ணம் பூசிய இரும்புத் தூண். அதற்கும் பின்னால் வானம்.

கண்ணுக்குச் சிவப்புப் பையும் பச்சைத் தூணும் முற்றிலும் வேறானவை. கறுப்பு வெள்ளையாக்கினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒளிர்வைக் கணக்கிடப் பரவலாகப் பயன்படும் வாய்பாடு இது:

```
Y = 0.2126 R + 0.7152 G + 0.0722 B
```

பையின் நிறம் சிவப்பு 200, பச்சை 30, நீலம் 40 என்றால் விடை ஏறத்தாழ 67. தூணின் நிறம் 40, 77, 50 என்றால் அதற்கும் விடை ஏறத்தாழ 67. அதாவது நிறத்தை நீக்கியவுடன் பை தூணுக்குள் மறைந்துவிடும். வடிகட்டி இரண்டிற்கும் ஒரே புள்ளியைத்தான் தரும். வரைபவர் இங்கே குறுக்கிட்டு, இரண்டில் ஒன்றின் சாயலை வேண்டுமென்றே மாற்ற வேண்டும். ஒளிப்படத்தில் இருந்த சாயலுக்கு உண்மையாக இருப்பதைவிட, பொருள்கள் பிரிந்து தெரிவதே முக்கியம்.

நம் பக்கத்திற்கு இப்படி முடிவு செய்வோம். கூந்தலும் பையும் முழுக்கருமை. நடைமேடை விளிம்பின் கீழுள்ள நிழலும் கருமை. பாவாடைக்கு அடர்ந்த டோன். தூணுக்கு நடுத்தர டோன். முகவாயின் கீழும் சட்டையின் அக்குளருகேயும் விழும் நிழலுக்கு மிக மெல்லிய டோன். முகம், சட்டை, தரை, வானம் ஆகியவை வெள்ளை. இப்போது கறுப்புப் பைக்குப் பின்னால் நடுத்தர டோன் தூண், அருகில் அடர்ந்த டோன் பாவாடை. இந்த மூன்றில் எந்த இரண்டும் ஒரே சாயலில் இல்லை. இந்தப் பட்டியலைத் தாளில் எழுதிக்கொண்ட பின்பே கணினியைத் திறப்பது நல்லது. மூன்றுக்கு மேல் டோன் வகைகள் தேவைப்பட்டால், பட்டியல் இன்னும் ஒளிப்படத்தைப் பின்பற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

## பக்கத்தின் அளவு

ஜப்பானிய பி5 தாள் 182 மி.மீ. அகலமும் 257 மி.மீ. உயரமும் உடையது. கறுப்பு வெள்ளை மங்காவை அங்குலத்திற்கு 600 புள்ளி என்ற செறிவில் அச்சுக்குத் தருவது வழக்கம். அந்தச் செறிவில் பக்கம் 4299 × 6071 படவணுக்கள் ஆகும். படங்கள் அடங்கும் உட்சட்டம் 150 × 220 மி.மீ., அதாவது 3543 × 5197 படவணுக்கள்.

கிம்பில் இந்த அளவுடைய புதிய கோப்பைத் திறந்து, செறிவை 600 என்று அமைக்க வேண்டும். உட்சட்டத்தை இரண்டு கட்டங்களாகப் பிரிப்போம். மேல் கட்டம் 3600 படவணு உயரம், அதில் மாணவியின் முழு உருவம். 165 படவணு இடைவெளி, அதாவது சுமார் 7 மி.மீ. கீழே 1432 படவணு உயரமுள்ள கட்டம், அதில் பையின் வாரை இறுக்கிப் பிடித்திருக்கும் கை மட்டும். இரண்டும் ஒரே ஒளிப்படத்திலிருந்து எடுக்கப்படுபவை.

கைப்பேசியில் எடுத்த 3000 × 4000 படவணு ஒளிப்படம் மேல் கட்டத்திற்கு ஏறத்தாழ 1.2 மடங்கு பெரிதாக்கப்படும். கைப்பகுதியோ 4 மடங்கு வரை பெரிதாகி மங்கலாகத் தெரியும். இதனால் கெடுதல் இல்லை. ஒளிப்படம் வரைவதற்கான அடித்தாள் மட்டுமே, இறுதிப் பக்கத்தில் அதன் ஒரு படவணுகூட இருக்கப் போவதில்லை.

## கோடு

ஒளிப்பட அடுக்கின் ஒளிபுகாமையை 40 விழுக்காட்டிற்குக் குறைத்து, அதன்மேல் ஒரு வெற்று அடுக்கைச் சேர்த்து, கறுப்புக் கோடுகளை வரைய வேண்டும். இதற்கு `Paintbrush` கருவியைத் தவிர்த்து `Pencil` கருவியைப் பயன்படுத்த வேண்டும். தூரிகைக் கருவி கோட்டின் ஓரங்களில் சாம்பல் படவணுக்களை விட்டுச் செல்லும், பென்சில் விடாது.

600 செறிவில் ஒரு மில்லிமீட்டர் என்பது சுமார் 24 படவணு. உருவத்தின் வெளிக்கோட்டிற்கு 8 முதல் 10 படவணு, உள்விவரங்களுக்கும் பின்னணிக்கும் 4 அல்லது 5 படவணு என்று தடிமன் வைத்தால், மாணவி முன்னாலும் தூண் பின்னாலும் நிற்பது கோட்டிலேயே தெரியும். முகத்தில் கோடுகளைக் குறைக்க வேண்டும். ஒளிப்படத்தில் மூக்கின் ஓரத்தில் தெரியும் நிழலைக் கோடாக வரைந்தால் மாணவிக்கு வயது கூடிவிடும். மூக்கிற்கு ஒரு சிறு கீற்று, உதட்டிற்கு ஒரு கோடு போதுமானவை.

## முழுக்கருமை

கறுப்புப் பகுதிகளுக்கு ஒளிப்படத்தின் உதவியைப் பெறலாம். ஒளிப்பட அடுக்கின் படியெடுத்து, `Colors → Desaturate` மூலம் நிறத்தை நீக்கி, `Filters → Blur → Median Blur` மூலம் சிறு மணல் போன்ற இரைச்சலை அடக்கி, பின்பு `Colors → Threshold` கட்டளையைத் தர வேண்டும். எல்லையை 50 என்று வைத்தால், ஒளிர்வு 50க்குக் கீழுள்ள இடங்கள் மட்டும் கறுப்பாகும். நம் படத்தில் கூந்தலும் நடைமேடை நிழலும் வந்துவிடும். கருநீலப் பாவாடையும் கூடவே வரும். அதை அழித்துவிட வேண்டும், ஏனெனில் அதற்கு டோன் என்று முடிவு செய்துள்ளோம். பையின் ஒளிர்வு 67 என்பதால் அது வராது. அதை நாமே தெரிவு செய்து கறுப்பால் நிரப்ப வேண்டும்.

கூந்தலில் வெளிச்சம் பட்ட இடங்கள் கந்தலான வெள்ளைத் திட்டுகளாக நிற்கும். அவற்றை அப்படியே விடக் கூடாது. முடி வளரும் திசையில் நீண்டு கூர்மையாக முடியும் கீற்றுகளாகப் பென்சிலால் திருத்தினால்தான் அது பளபளப்பாகத் தோன்றும். திருத்தாவிட்டால் மை சரியாக ஒட்டாத அச்சுப் போலத் தோன்றும்.

## டோனைச் செய்தல்

60 வரிசை டோனை நாமே செய்துகொள்ளலாம். 14 × 14 படவணு அளவுள்ள ஒரு சிறு கோப்பைத் திறந்து, கீழ்க்கண்டவாறு இரண்டு புள்ளிகளைப் பென்சில் கருவியால் வரைய வேண்டும்.

```
..............
..###.........
.#####........
.#####........
.#####........
..###.........
..............
..............
.........###..
........#####.
........#####.
........#####.
.........###..
..............
```

இரண்டாவது புள்ளி முதலாவதிலிருந்து 7 படவணு வலப்புறமும் 7 படவணு கீழும் இருக்கிறது. இந்த ஓட்டைப் பக்கம் பக்கமாக அடுக்கினால், புள்ளிகள் 45 பாகைச் சாய்வில் ஒழுங்காக வரிசையாகும். சாய்வு வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. நேர்க்கோட்டிலும் குத்துக்கோட்டிலும் அடுக்கிய புள்ளிகளைக் கண் எளிதில் கட்டங்களாகப் பார்த்துவிடும், சாய்ந்த வரிசையில் அது குறைவு. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையிலான தூரம் 9.9 படவணு. 600ஐ அதனால் வகுத்தால் ஏறத்தாழ 60 வரிசை கிடைக்கும்.

அடர்த்தியையும் எண்ணிப் பார்க்கலாம். ஒரு புள்ளியில் 21 கறுப்புப் படவணுக்கள், இரண்டிலும் 42. மொத்தம் 196 படவணுக்களில் இது 21 விழுக்காடு. இதுவே தூணுக்கான நடுத்தர டோன். புள்ளியை 3 × 3 சதுரமாக வைத்தால் 9 விழுக்காடு கிடைக்கும், அது நிழலுக்கான மெல்லிய டோன். 6 × 6 சதுரத்தின் நான்கு மூலைகளையும் நீக்கிய புள்ளியை வைத்தால் 33 விழுக்காடு, அது பாவாடைக்கு.

## டோனை இடுதல்

சிறு கோப்பை முழுதும் தெரிவு செய்து `Edit → Copy` கொடுத்தால், அது கிம்பின் வடிவங்கள் பட்டியலில் முதலாவதாகத் தோன்றும். அதைத் தெரிந்துகொண்டு, பக்கக் கோப்பில் ஒரு புதிய அடுக்கைச் சேர்த்து, `Edit → Fill with Pattern` மூலம் பக்கம் முழுவதையும் அந்த டோனால் நிரப்ப வேண்டும். அடுக்கின் கலப்பு முறையை `Multiply` என்று மாற்றினால் புள்ளிகளுக்கு இடையேயுள்ள வெள்ளை, கீழுள்ள கோடுகளை மறைக்காது. பிறகு அந்த அடுக்கிற்கு முழுதும் கறுப்பான ஒரு முகமூடியைச் சேர்த்து, டோன் தெரிய வேண்டிய பகுதியை மட்டும் தெரிவு செய்து முகமூடியில் வெள்ளையால் நிரப்ப வேண்டும். தெரிவுக் கருவியில் `Antialiasing`, `Feather edges` இரண்டும் அணைக்கப்பட்டிருக்க வேண்டும். இவ்வாறு மூன்று டோனுக்கும் மூன்று அடுக்குகள்.

இந்த முகமூடிதான் பழைய காலத்துக் கத்தி. தூணின் ஒரு பக்கத்தில் வெளிச்சம் காட்ட விரும்பினால், முகமூடியில் மெல்லிய கறுப்புக் கீற்றுகளைப் பென்சிலால் இழுத்தால் போதும். தவறாகச் சுரண்டிய ஒட்டுத்தாளை மீட்க முடியாது. இங்கே வெள்ளையால் திருத்திக்கொள்ளலாம்.

கீழ்க் கட்டத்தில் புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தவறுவார்கள். கையின் அண்மைக் காட்சி 4 மடங்கு பெரிதாக்கப்பட்டது என்பதால் அதில் வரும் பாவாடையின் புள்ளிகளையும் பெரிதாக்கத் தோன்றும். அவ்வாறு செய்யக் கூடாது. புள்ளி தாளுக்கு உரியது, துணிக்கு உரியதன்று. மேல் கட்டத்தில் 33 விழுக்காட்டு டோன் இட்ட பாவாடைக்குக் கீழ்க் கட்டத்திலும் அதே டோன், அதே அளவில் வர வேண்டும். புள்ளி பெரிதானால் வாசகர் அதைப் பாவாடையில் அச்சிட்ட பொட்டு வடிவம் என்று எண்ணிவிடுவார்.

அதேபோல் ஒரே டோனை ஒன்றின்மேல் ஒன்றாக இட்டு அடர்த்தியைக் கூட்ட முயன்றால், புள்ளிகள் மிகச் சரியாகப் பொருந்தி எந்த மாற்றமும் தெரியாது. வெவ்வேறு வரிசை எண் கொண்ட டோன்களை மேலடுக்கினாலோ நீர் அலை போன்ற வளையங்கள் தோன்றும். இதற்கு முவாரே என்று பெயர். ஓரிடத்திற்கு ஒரு டோன் என்பதே பாதுகாப்பான விதி.

## இறுதிக் கோப்பும் சோதனையும்

அடுக்குகளுடன் கூடிய `.xcf` கோப்பைத் தனியே சேமித்த பின், அதன் படியில் ஒளிப்பட அடுக்குகளை நீக்கி, `Image → Flatten Image` கொடுத்து, `Colors → Threshold` எல்லையை 128 என்று வைக்க வேண்டும். எங்கேனும் சாம்பல் ஒளிந்திருந்தால் அது கறுப்பாகவோ வெள்ளையாகவோ மாறிவிடும். அடுத்து `Image → Mode → Indexed` என்பதில் `Use black and white (1-bit) palette` என்பதைத் தெரிந்து, புள்ளிச்சிதறலை அணைத்துவிட்டு, `.png` ஆக ஏற்றுமதி செய்ய வேண்டும். `.jpg` பொருந்தாது, அதன் சுருக்கமுறை ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் சாம்பல் கறையை உண்டாக்கும்.

சாம்பல் எஞ்சியுள்ளதா என்று கண்ணால் அறிவது கடினம். தட்டையாக்கிய பின், எல்லைக் கட்டளைக்கு முன்பாக `Colors → Info → Histogram` என்பதைத் திறந்து பார்த்தால் தெரியும். இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு கோடு மட்டும் நிற்க வேண்டும். நடுவில் எதுவும் இருந்தால் எங்கோ ஓர் அடுக்கில் மென்மையான ஓரம் இருக்கிறது. இதைப் பொருட்படுத்தாமல் விட்டால் அச்சுப்பொறி அந்தச் சாம்பலைத் தன் சொந்தப் புள்ளிகளால் நிரப்பும். நம் புள்ளியும் அதன் புள்ளியும் மோதி முவாரே உண்டாகும்.

அச்சிடும்போது தாளுக்குப் பொருத்தும் வசதியை அணைத்து, 100 விழுக்காட்டு அளவிலேயே அச்சிட வேண்டும். வீட்டு அச்சுப்பொறி 97 விழுக்காட்டிற்குச் சுருக்கினாலும் சில புள்ளி வரிசைகள் தடித்து, சில மெலிந்து, டோன் முழுவதும் பட்டைகள் தெரியும். டோன் இட்ட பின் பக்கத்தைச் சிறிதளவு சாய்த்துத் திருத்தினாலும் இதே கேடு நேரும். அளவு மாற்றமும் சுழற்சியும் டோனுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

திரையில் காட்டுவதற்கு இந்தக் கோப்பைச் சுருக்குவதும் தவறு. 4299 படவணு அகலத்தை 1000 ஆக்கினால், 9.9 படவணுத் தூரத்திலுள்ள புள்ளிகள் 2.3 படவணுத் தூரத்திற்கு நெருங்கி, புள்ளியாகவும் தெரியாமல் சாம்பலாகவும் தெரியாமல் பட்டை பட்டையாக நிற்கும். திரைக்கு ஒரு தனிப் படி செய்ய வேண்டும். அடுக்குகளுள்ள கோப்பின் படியை முதலில் சுருக்கி, டோன் அடுக்குகளில் மட்டும் பழைய புள்ளிகளை நீக்கி, சிறிய ஓட்டால் மீண்டும் நிரப்ப வேண்டும். முகமூடிகள் ஏற்கெனவே இருப்பதால் இது சில நிமிட வேலை.

## இம்முறையின் எல்லை

எல்லா ஒளிப்படங்களும் இதற்கு ஏற்றவை அல்ல. மூடுபனி, புகை, தண்ணீருக்கு அடியில் தெரியும் உருவம் போன்றவற்றில் பொருளுக்கு எல்லையே இருப்பதில்லை. அங்கே வரைய ஒரு கோடும் கிடைக்காது. ஒளிப்படம் தகுமா என்பதை முன்கூட்டியே அறிய எளிய வழி ஒன்றுண்டு. அதைக் கைப்பேசித் திரையில் கட்டைவிரல் நகத்தின் அளவுக்குச் சிறிதாக்கி, நிறம் நீக்கிப் பார்க்க வேண்டும். அந்த அளவிலும் உருவத்தின் வடிவம் பின்னணியிலிருந்து பிரிந்து தெரிந்தால் வேலை எளிது. பிரியாவிட்டால், நடைமேடைப் படத்தில் பையைக் கறுப்பாக்கியதுபோல, எதை மாற்றினால் பிரியும் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அது கிடைக்கவில்லையெனில் வேறு ஒளிப்படத்தைத் தேர்வதே நல்லது.